ஸ்கிரீனிங் கால் முடிந்தது, நோட்டீஸ் பீரியடைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். ரெக்ரூட்டருக்கு என்ன எழுதுவது?

தக்கலைக்காரி · ஜூலை 10, வியாழன், மாலை 6.40

எல்லாருக்கும் வணக்கம். நான் தக்கலையில் இருந்து தினமும் திருவனந்தபுரம் போய் வருகிறவள். சாஃப்ட்வேர் டெஸ்டிங், நாலு வருஷ அனுபவம். சென்னையில் ஒரு வேலைக்காக இன்று ரெக்ரூட்டர் ஒருவர் போனில் பேசினார். மதியம் கூப்பிடுகிறேன் என்று நேற்று சொன்னவர் காலை ஒன்பதேகாலுக்கே கூப்பிட்டுவிட்டார். நான் அப்போது களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். பக்கத்தில் கண்டக்டர் 'நெய்யாற்றின்கரை, தம்பானூர்' என்று கூவுகிறார், மழை வேறு. பதினெட்டு நிமிஷம் பேசினேன். வந்த பஸ் இரண்டையும் விட்டுவிட்டேன்.

இப்போது வாங்கும் சம்பளம், எதிர்பார்ப்பது, சென்னைக்கு வர முடியுமா, ஏன் மாறுகிறீர்கள் என்று வழக்கமான கேள்விகள்தான். நோட்டீஸ் எத்தனை நாள் என்று கேட்டபோது 60 என்று சொல்லிவிட்டேன். என் டீமில் ஒரு பையன் போன வருஷம் 60 நாளில் போனான், அதுதான் ஓர்மையில் இருந்தது. கையில் இருந்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் '60?' என்று எழுதியும் வைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பீரோவில் இருந்து அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்துப் பார்த்தால் 90.

டெக்னிக்கல் ரவுண்டு அடுத்த வாரம் ஆன்லைனில் ஒரு மணி நேரம், அதற்கப்புறம் மேனேஜர் ரவுண்டு என்றார். தேதி சொல்லவில்லை. இன்றே ஒரு சின்ன மெசேஜ் அனுப்பலாம் என்று நினைக்கிறேன். இந்த 60, 90 விஷயத்தை அதில் எழுதுவதா, இல்லை அடுத்த தடவை பேசும்போது சொல்லிக்கொள்வதா? நான் எழுதி வைத்திருப்பது இது. அனுப்பும்போது இங்கிலீஷில்தான் அனுப்புவேன், இங்கே தமிழில் போடுகிறேன்:

> மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி இன்று என்னுடன் பேசியதற்கு மனமார்ந்த நன்றி. பெருமைமிக்க உங்கள் நிறுவனத்தில் சேர்ந்து பணியாற்றுவது என் நெடுநாள் கனவு. கடின உழைப்பும் புதியதைக் கற்கும் ஆர்வமும் கொண்ட நான் நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிப்பேன் என்று உறுதி கூறுகிறேன். எப்போது வேண்டுமானாலும் நேர்காணலுக்குத் தயாராக இருக்கிறேன். அடுத்த கட்டம் குறித்துத் தெரிவித்தால் நன்றியுள்ளவளாக இருப்பேன்.

ரசவடை · மாலை 6.55

இதைப் படிக்கும்போது பள்ளி ஆண்டுவிழாவில் நன்றியுரை கேட்டது மாதிரி இருக்கிறது. பொன்னாடை ஒன்றுதான் குறைச்சல்.

மெயிலை இப்போது யார் பார்க்கிறார்கள்? ரெக்ரூட்டர்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள். 'நன்றி சார், எனக்கு விருப்பம்தான், அடுத்த ரவுண்டு எப்போது' என்று ஒரு வரி தட்டிவிட்டால் போதும். நோட்டீஸ் பற்றி வாயைத் திறக்க வேண்டாம். 90 என்று சொன்னால் அங்கேயே வடிகட்டிவிடுவார்கள். எல்லாரும் குறைத்துத்தான் சொல்கிறார்கள். ஆஃபர் கையில் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

வடசேரி அக்கா · மாலை 7.20

தங்கச்சி, நான் சென்னையில் ஒன்பது வருஷம் இந்த ரெக்ரூட்டர் நாற்காலியில் இருந்தவள். இப்போது வடசேரியில் அப்பாவின் பாத்திரக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், அப்புறம் நீயே முடிவு செய்.

உன்னோடு பேசிக்கொண்டே அவர் ஒரு ஷீட்டில் கட்டங்களை நிரப்பியிருப்பார். அனுபவம், இப்போதைய சம்பளம், எதிர்பார்ப்பு, நோட்டீஸ், ஊர் மாறச் சம்மதமா, கடைசியில் ஒரு வரிக் குறிப்பு. உன் பெயருக்கு நேராக அந்த ஒரு வரிசைதான். அதைத்தான் அன்றைக்கு ராத்திரியோ மறுநாள் காலையோ ரெஸ்யூமேயோடு சேர்த்து மேனேஜருக்கு அனுப்புவோம். அது போவதற்கு முன்னால் உன் மெயில் வந்தால் 60 என்பதை 90 ஆக்குவதற்கு அவருக்கு இரண்டு நொடி. போன பிறகு வந்தால் அவர் மேனேஜருக்கு இன்னொரு மெயில் எழுத வேண்டும், எரிச்சல்படுவார். அவ்வளவோடு போகும். ஆஃபர் லெட்டரில் ஜாயினிங் தேதி அச்சாகிய பிறகு சொன்னால், அப்போதுதான் உண்மையான சிக்கல்.

தேதியைப் போட்டே பார்ப்போம். இரண்டு ரவுண்டும் ஜூலை கடைசிக்குள் முடிகிறது, ஆகஸ்ட் 8 வெள்ளிக்கிழமை ஆஃபர் வருகிறது, திங்கள் 11ஆம் தேதி நீ ராஜினாமா கொடுக்கிறாய் என்று வை. 60 நாள் என்றால் அக்டோபர் 10. 90 நாள் என்றால் நவம்பர் 9. அங்கே ஒருவர் அக்டோபர் பாதியில் ஆள் வருகிறது என்று வேலையைப் பிரித்து வைத்திருப்பார். இடையில் ஒரு மாதம் ஓட்டை. நோட்டீஸ் நீ ராஜினாமா கொடுத்த நாளில் இருந்துதான் ஓடும், இன்று போனில் பேசியதில் இருந்து இல்லை. இதைப் பாதிப் பேர் கணக்கில் எடுப்பதே இல்லை.

என் கையால் அனுப்பிய ஒரு பையன் 90ஐ 30 என்று சொல்லியிருந்தான். ஆஃபர் வாங்கி, ராஜினாமாவும் கொடுத்துவிட்டான். பழைய கம்பெனி முன்கூட்டியே விட மாட்டோம் என்றது. புதிய இடத்தில் இரண்டு வாரம் பொறுத்தார்கள், அப்புறம் லிஸ்டில் அடுத்து இருந்தவரை எடுத்துக்கொண்டார்கள். அவன் அம்மா எனக்குப் போன் போட்டு அழுதார்கள். அதனால்தான் இதில் நான் கொஞ்சம் கறாராகப் பேசுகிறேன்.

ரசவடை சொல்வதில் பாதி சரி. நோட்டீஸைப் பார்த்தே வடிகட்டுகிற வேலைகள் உண்டு. ஆனால் அங்கே கேட்பது 'உடனே அல்லது 30 நாள்' என்று இருக்கும். அப்படிப்பட்ட வேலையாக இருந்தால் நீ 60 என்று சொன்னதுமே பேச்சை முடித்திருப்பார். பதினெட்டு நிமிஷம் பேசி, அடுத்த ரவுண்டு பற்றியும் சொல்லியிருக்கிறார் என்றால் அவ்வளவு அவசரம் இருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குளச்சல் மாலுமி · மாலை 7.35

தங்கச்சி, ஏஜென்ட் என்ன கேட்டாலும் விசா காப்பி கண்ணால் பார்க்கும்வரை எதையும் எழுதிக் கொடுக்காதே. 2014இல் மஸ்கட் வேலை என்று ஒருத்தன் என்னிடம் இப்படித்தான் போனில் இன்டர்வியூ எடுத்தான். 'எனக்குச் சம்மதம்' என்று மெசேஜ் அனுப்பச் சொன்னான், அனுப்பினேன். மறுநாளே மெடிக்கலுக்கு, டாக்குமெண்டுக்கு என்று ரூபாய் கேட்க ஆரம்பித்தான். சம்மதம் சொன்னாய் அல்லவா, இப்போது பின்வாங்கினால் நஷ்டஈடு என்று மிரட்டல் வேறு. பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்க ஆறு மாதம் அலைந்தேன்.

வடசேரி அக்கா · மாலை 7.42

அண்ணே, இது சென்னை வேலை, விசா கிடையாது. உங்களுக்கு நடந்தது வேறு வகை. கல்ஃப் என்றால் அந்த ஏஜென்டின் பதிவு எண் emigrate.gov.in தளத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது தனி இழையாகவே போடுகிற விஷயம், போடுங்கள், நம்ம ஊரில் நிறையப் பேருக்கு உதவும்.

ஆனால் ஒன்று, 'எனக்கு விருப்பம்' என்று எழுதுவது எந்த ஒப்பந்தமும் ஆகாது. தங்கச்சி அதற்குப் பயப்பட வேண்டாம். உள்ளூர் வேலைக்கும் ரெக்ரூட்டர் ரூபாய் கேட்டால் அங்கேயே போனை வைத்துவிட வேண்டும். ரெக்ரூட்டருக்குக் கூலி கொடுப்பது கம்பெனி.

தக்கலைக்காரி · மாலை 7.50

நன்றி அக்கா. ரூபாய் எதுவும் கேட்கவில்லை.

90 என்று எழுதும்போது 'சீக்கிரம் வர முயற்சி செய்கிறேன்' என்று சேர்க்கலாமா? அந்தப் பையனை 60இல் விட்டார்களே, என்னையும் விடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

வடசேரி அக்கா · மாலை 7.58

லெட்டரில் அந்த வரி எப்படி இருக்கிறது என்று படித்துச் சொல். '90 நாள் நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம்' என்று மட்டும் இருக்கிறதா, கூட வேறு ஏதாவது இருக்கிறதா?

ரப்பர்பால் · இரவு 8.05

நான் குலசேகரம். வேறு ஒரு விஷயம் கேட்கிறேன். கூப்பிட்டவர் அந்தக் கம்பெனி ஆள்தானா, இல்லை கன்சல்டன்சியா? 'உங்கள் நிறுவனம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் கேட்டேன். அவருடைய மெயில் ஐடியில் @ குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

எனக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் இரண்டு கன்சல்டன்சியில் இருந்து போன் வந்தது. இருவருமே கம்பெனி பெயர் சொல்லவில்லை, 'பெரிய கிளையன்ட்' என்றார்கள். இரண்டு பேரிடமும் சரி அனுப்புங்கள் என்றேன். கடைசியில் பார்த்தால் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வேலை. கம்பெனி சிஸ்டத்தில் என் போன் நம்பர் இரண்டு தடவை விழுந்திருக்கிறது. ஒருவர் நான்தான் முதலில் அனுப்பினேன் என்கிறார், மற்றவரும் அதையே சொல்கிறார். இன்டர்வியூ நாள் குறித்த பிறகு நிறுத்திவிட்டார்கள். என்மேல் ஒரு தப்பும் இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

தக்கலைக்காரி · இரவு 8.12

ஐயோ, இப்போதுதான் பார்த்தேன். கன்சல்டன்சி ஐடிதான். ஜேடியிலும் 'எங்கள் கிளையன்ட்' என்றுதான் இருக்கிறது. கம்பெனி பெயரைப் போனில் சொன்னார், பஸ் ஹாரனில் பாதிதான் கேட்டது. வெட்கப்பட்டுத் திரும்பக் கேட்கவில்லை. வேறு யாருக்கும் ரெஸ்யூமே அனுப்பவில்லை.

லெட்டரில் இருப்பது: 90 நாள் நோட்டீஸ், நிறுவனம் விரும்பினால் மீதி நாளுக்கான அடிப்படைச் சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு முன்கூட்டியே விடுவிக்கலாம்.

வடசேரி அக்கா · இரவு 8.25

'நிறுவனம் விரும்பினால்' என்ற இரண்டு வார்த்தைதான் விஷயமே. நீ ரூபாய் கட்டத் தயார் என்றாலும் அவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம். அந்தப் பையனின் வேலை அன்று முடிந்திருக்கும், விட்டிருப்பார்கள். உன் மேனேஜர் என்ன சொல்வார் என்று இப்போது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் வாக்குக் கொடுக்காதே. லெட்டரில் 90, முன்கூட்டியே விடுவிப்பது கம்பெனி ஒப்புதலைப் பொறுத்தது. இந்த இரண்டை மட்டும் எழுது. புதிய கம்பெனிக்கு அவசரம் என்றால் மீதி நாளுக்கான தொகையை அவர்களே தருகிற வழக்கமும் உண்டு, ஆனால் அந்தப் பேச்சுக்கு இது நேரம் இல்லை.

ரப்பர்பால் தம்பி கேட்டது ரொம்பச் சரியான கேள்வி, எனக்குத் தோன்றவே இல்லை. கன்சல்டன்சி என்றால் மெசேஜின் போக்கே கொஞ்சம் மாறும். கம்பெனி பெயரை நீ எழுத்தில் போட்டு, 'இந்த வேலைக்கு மட்டும் என் ரெஸ்யூமேயை அனுப்பச் சம்மதம்' என்று ஒரு வரி எழுது. நாளைக்கு இன்னொரு கன்சல்டன்சி அதே வேலைக்கு உன் பெயரைத் தள்ளினால் யார் முதலில் சம்மதம் வாங்கினார் என்பதற்கு இது சாட்சி. பல இடத்தில் கன்சல்டன்ட்களே இப்படி ஒரு மெயில் கேட்டு வாங்குவார்கள். பெயர் சரியாகக் கேட்கவில்லை என்றால் கேட்டுவிடு, அதில் வெட்கம் என்ன? எங்களுக்கு அது தினப்படி நடப்பது.

மார்த்தாண்டம் மணி · இரவு 8.32

சம்பளத்தை எழுத வேண்டாமா? அதுதான் முக்கியம். நான் போனில் 'மாசம் 60,000 எதிர்பார்க்கிறேன்' என்றேன். கையில் கிடைப்பதை மனதில் வைத்துச் சொன்னேன். அந்த அம்மா 12ஆல் பெருக்கி 7.2 லட்சம் சிடிசி என்று எழுதிக்கொண்டார். மூன்று ரவுண்டு முடிந்து ஆஃபர் வந்தால் சரியாக 7.2. அதில் கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், வருஷ போனஸ் எல்லாம் அடக்கம். கையில் 60,000 எங்கே வரும்? நீங்கள் சொன்னதுதானே என்கிறார். என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் எழுதிவிடு தங்கச்சி.

தக்கலைக்காரி · இரவு 8.36

நான் சிடிசி கணக்கில்தான் சொன்னேன் அண்ணே. இப்போது 6.2, எதிர்பார்ப்பது 8.5. அவர் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தார்.

வடசேரி அக்கா · இரவு 8.44

மணி, உங்கள் விஷயத்தில் எழுதியிருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். சொன்னது தப்பாகப் புரிந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் எழுதத்தான் வேண்டும். ஆனால் தங்கச்சி சொன்னதும் அவர் கேட்டதும் ஒன்றுதான். அதை மறுபடி மெயிலில் போட்டால் 8.5 என்பது கல்லில் வெட்டினது மாதிரி ஆகிவிடும். டெக்னிக்கல் ரவுண்டு பிரமாதமாகப் போய், அந்த வேலையின் கனமும் தெரிந்த பிறகு 9 கேட்கலாம் என்று தோன்றினால்? 'நீங்களே எழுதியிருக்கிறீர்களே' என்று அந்த மெயிலையே எடுத்துக் காட்டுவார்கள். நானே காட்டியிருக்கிறேன்.

மார்த்தாண்டம் மணி · இரவு 8.49

போனில் சொன்னதையே ஷீட்டில் எழுதிக்கொண்டீர்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்படியென்றால் கல் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. அதன் காப்பி அவர்களிடம் மட்டும் இருக்கிறது, நம்மிடம் இல்லை. எனக்கு ஒப்பவில்லை.

ரசவடை · இரவு 8.52

இந்த இடத்தில் நான் மணி அண்ணன் கட்சி. ஆனால் 90ஐ எழுதச் சொல்வதில் இன்னும் சமாதானம் ஆகவில்லை. என் பக்கத்து வீட்டுப் பையன் 60 என்று சொல்லி, அப்புறம் பேசி, 75 நாளில் சேர்ந்தான். ஒன்றும் ஆகவில்லை.

வடசேரி அக்கா · இரவு 8.58

சேர்ந்தவன் கதை தெருவெல்லாம் தெரியும், சேராதவன் வெளியே சொல்ல மாட்டான்.

சரி தங்கச்சி, எழுது. பத்து வரி தாண்டாமல் பார்த்துக்கொள். புதிய மெயில் திறக்காதே, அவர் ஜேடி அனுப்பிய அதே மெயிலுக்கு ரிப்ளை போடு. அதில் வேலையின் எண் இருக்கும், தேடும்போது கிடைக்கும். அவர் கையில் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து வேலை ஓடும். 'இன்று பேசினோமே' என்றால் எந்த வேலைக்குப் பேசிய எந்தப் பெண் என்று அவருக்கு ஓர்மை வராது.

அப்புறம் அந்த 'எப்போது வேண்டுமானாலும் தயார்'. கேட்க நன்றாக இருக்கிறது, ரெக்ரூட்டருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. இன்டர்வியூ எடுக்கிற இன்ஜினியரின் காலண்டரில் காலியான ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடித்து, பிறகு உன்னிடம் கேட்டு, நீ அன்று முடியாது என்று சொல்லி, திரும்ப அங்கே போய்... இந்த ஓட்டத்திலேயே ஒரு வாரம் போகும். தேதி, கிழமை, மணி போட்டு இரண்டு மூன்று நேரம் கொடுத்தால் அவர் அதை அப்படியே அங்கே ஒட்டி அனுப்பலாம். 'வரும் செவ்வாய்' என்று மட்டும் எழுதினால் எந்தச் செவ்வாய் என்று ஒரு குழப்பம் வரும். கிழமையோடு தேதியும் வேண்டும்.

தக்கலைக்காரி · இரவு 9.20

நேரம் யோசித்தேன். செவ்வாய் அரை நாள் லீவு போடலாம். புதன் லீவு கிடைக்கும். வீட்டில் மழை என்றால் நெட் போய்விடும், அதனால் நாகர்கோவிலில் மாமி வீட்டில் இருந்து பேசுகிறேன். இப்போது சரியா பாருங்கள்:

> வணக்கம் சார். இன்று காலை பேசியதற்கு நன்றி. சென்னை டெஸ்டிங் வேலையில் எனக்கு விருப்பம் இருக்கிறது. முக்கியமாக, கைமுறைச் சோதனையை ஆட்டோமேஷனுக்கு மாற்றும் பணி என்று நீங்கள் சொன்னது நான் ஒரு வருஷமாகச் செய்துகொண்டிருப்பது.
>
> ஒரு திருத்தம். நோட்டீஸ் 60 நாள் என்று சொன்னேன். லெட்டரைச் சரிபார்த்தேன், அது 90 நாள். முன்கூட்டியே விடுவிப்பது என் நிறுவனத்தின் ஒப்புதலைப் பொறுத்தது.
>
> கிளையன்ட் நிறுவனத்தின் பெயரை ஒருமுறை எழுதித் தெரிவியுங்கள். இந்த வேலைக்கு என் ரெஸ்யூமே வேறு யார் வழியாகவும் போகவில்லை. பெயரைப் பார்த்ததும் அனுப்பச் சம்மதம் தருகிறேன்.
>
> அடுத்தது ஒரு மணி நேர ஆன்லைன் டெக்னிக்கல் ரவுண்டு, பிறகு மேனேஜர் ரவுண்டு என்று சொன்னீர்கள். ஜூலை 15 செவ்வாய் மதியம் 2 முதல் 5 வரை, ஜூலை 16 புதன் காலை 10 முதல் மாலை 5 வரை என்னால் முடியும். வேறு ஏதாவது அனுப்ப வேண்டுமானால் சொல்லுங்கள்.

கீழே பெயர், போன் நம்பர்.

வடசேரி அக்கா · இரவு 9.31

கொள்ளாம்! திருத்தம் தனிப் பத்தியாக நிற்பது நல்லது, கண்ணில் படும். மன்னிப்பு எதுவும் கேட்காமல் விட்டதும் நல்லது. 'தவறுதலாகச் சொல்லிவிட்டேன், மிகவும் வருந்துகிறேன்' என்று எழுதியிருந்தால் அவர் அதற்குள் வேறு காரணம் தேடுவார்.

ஆட்டோமேஷன் வரி இருக்கட்டும். போனில் அவர் சொன்ன ஒன்றை நீ திரும்பச் சொல்வதால் கவனித்துக் கேட்டாய் என்று தெரியும். மேனேஜருக்கு எழுதும் குறிப்பில் அதை அப்படியே போட்டாலும் போடுவார். கடைசி வரியை மட்டும் எடு. 'வேறு ஏதாவது' என்று கேட்டால் வேறு ஏதாவது கேட்பார்கள், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆதார், பான் என்று ஆரம்பிக்கும். ஆஃபருக்கு முன்னால் அதெல்லாம் இப்போது எதற்கு?

மெயில் இப்போதே போகட்டும். ரசவடையின் வாட்ஸ்அப்பை நாளைக் காலை ஒன்பதரைக்கு மேல் வைத்துக்கொள். 'மெயில் அனுப்பியிருக்கிறேன், நோட்டீஸில் ஒரு திருத்தம் இருக்கிறது' என்று ஒரே வரி. ராத்திரி வாட்ஸ்அப் தட்டாதே.

ரசவடை · இரவு 9.34

ஆக, கடைசியில் என் வாட்ஸ்அப் ஜெயித்தது.

தக்கலைக்காரி · ஜூலை 11, வெள்ளி, மதியம் 12.15

அனுப்பினேன். காலை 11 மணிக்குப் பதில் வந்தது. கம்பெனி பெயரை எழுதியிருக்கிறார். நான் பஸ் ஸ்டாண்டில் கேட்டதாக நினைத்த பெயரே இல்லை! நேற்று ராத்திரி வேறு ஒரு கம்பெனியைப் பற்றி ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்திருக்கிறேன். சம்மதம் கொடுத்து ரிப்ளை போட்டுவிட்டேன்.

நோட்டீஸ் பற்றி அவர் எழுதியது: 'தெரிவித்ததற்கு நன்றி. மேனேஜர் 60 நாளுக்குள் ஆள் கேட்கிறார், பேசிவிட்டுச் சொல்கிறேன்.' இப்போது வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

ரசவடை · மதியம் 12.22

நான் அப்போதே சொன்னேன்.

வடசேரி அக்கா · மதியம் 12.40

நீ சொன்னாய்தான். 60 நாளுக்குள் ஆள் கேட்கிற இடத்தில் 90 நாள்காரியை ஆகஸ்டில் கண்டுபிடிப்பதைவிட இப்போது கண்டுபிடிப்பது அவர்களுக்கும் இவளுக்கும் மேல் என்று நான் சொல்கிறேன். அதில் நமக்குள் ஒத்துவராது, விடு.

தங்கச்சி, இதற்கு அவசரப்பட்டு எதையும் எழுதாதே. குறிப்பாக 'எப்படியாவது 60இல் வந்துவிடுகிறேன்' என்று எழுதாதே. அவர் சொல்கிறேன் என்றிருக்கிறார். திங்கள், செவ்வாய் இரண்டு வேலை நாள் விட்டு, புதன் காலை ஒரு வரி கேட்கலாம்.

தக்கலைக்காரி · ஜூலை 14, திங்கள், மாலை 5.10

காத்திருக்க வேண்டி வரவில்லை. இன்று மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. புதன் 16, காலை 11 மணி, டெக்னிக்கல் ரவுண்டு. நான் கொடுத்த நேரத்திலேயே போட்டிருக்கிறார்கள். நோட்டீஸ் என்ன ஆயிற்று என்று கேட்டேன். 'முதலில் ரவுண்டு முடியட்டும், பிடித்தால் பார்க்கலாம் என்கிறார்' என்றார். சரி என்றா அர்த்தம், பிறகு பேரம் என்றா அர்த்தம், தெரியவில்லை.

மார்த்தாண்டம் மணி · மாலை 5.25

பேரம்தான். அப்போது சம்பளமும் வரும். 8.5ஐ எழுதியிருந்தால்...

வடசேரி அக்கா · மாலை 5.41

மணி, அவள் புதன்கிழமை ரவுண்டுக்குப் படிக்கட்டும். தங்கச்சி, செவ்வாய் ராத்திரியே மாமி வீட்டுக்குப் போய் லேப்டாப்பில் அந்த லிங்க் திறக்கிறதா, மைக் வேலை செய்கிறதா என்று பார்த்து வை. காலையில் பார்வதிபுரம் டிராஃபிக்கை நம்பாதே.

ரப்பர்பால் · மாலை 5.50

ஒரு விஷயம் அக்கா. எனக்கு நேற்று ஒரு கன்சல்டன்சியில் இருந்து போன். சென்னை, டெஸ்டிங், ஆட்டோமேஷனுக்கு மாற்றுகிற வேலை, 'பெரிய கிளையன்ட்'. பெயரை எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

தக்கலைக்காரி · மாலை 5.53

அண்ணே, அது என் வேலையா?

ரப்பர்பால் · மாலை 5.58

எனக்கு நோட்டீஸ் 30 நாள். பெயர் வந்ததும் முதலில் உங்களிடம் சொல்கிறேன், அதற்கப்புறம்தான் சம்மதம் கொடுப்பதா என்று யோசிப்பேன்.